ஓ.டி. கணக்குல வட்டி எப்படி ஏறுது? ஒரு மாச ஸ்டேட்மென்ட்டை நாள் நாளா பிரிச்சுப் பார்ப்போம்



சிறுதொழில் செய்றவங்க ஆடிட்டர்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "சார், பத்து லட்சம் ஓ.டி. போட்டிருக்கேன். போன மாசம் 3,932 ரூபாய் வட்டி எடுத்திருக்காங்க. அதுக்கு முந்தின மாசம் 5,100. இந்த நம்பர் எங்கிருந்து வருது?"

டெர்ம் லோன்னா இந்தக் கேள்வியே வராது. மாசாமாசம் ஒரே இ.எம்.ஐ., தேதி தெரியும், தொகை தெரியும். ஓ.டி.யில அப்படி இல்ல. ஒவ்வொரு மாசமும் வட்டி மாறும். அது ஏன் மாறுதுன்னு புரிஞ்சுக்கிட்டா, அந்த வட்டியைக் குறைக்கிற வழியும் அதுக்குள்ளயே இருக்கும். அதோட, ஓ.டி.யை எந்தச் செலவுக்கு எடுக்கலாம், எதுக்கு எடுக்கவே கூடாதுன்னும் தெரிஞ்சிடும். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு யூனிட்டோட ஒரு மாசக் கணக்கை எடுத்து, நாள் நாளா பார்க்கப் போறோம்.

பத்து லட்சம் என்பது கடன் இல்ல, எல்லை

ஓவர்டிராஃப்ட் என்பது உங்க கரன்ட் அக்கவுண்ட்டுக்குக் கிடைக்கிற ஒரு அனுமதி. சாதாரண கணக்குல பேலன்ஸ் பூஜ்யம் ஆனா அதுக்கு மேல எடுக்க முடியாது. ஓ.டி. இருந்தா, பூஜ்யத்துக்குக் கீழயும் போகலாம். எவ்வளவு கீழ போகலாம் என்பதுதான் லிமிட். பத்து லட்சம் லிமிட்னா, கணக்கு மைனஸ் பத்து லட்சம் வரைக்கும் இறங்கலாம்.

லிமிட் சாங்ஷன் ஆன அன்னைக்கே பத்து லட்சத்துக்கு வட்டி ஓட ஆரம்பிக்காது. நீங்க எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. திருப்பிப் போட்டா அந்த அளவு கடன் குறையும், மறுபடி தேவைப்பட்டா அதே பணத்தை எடுத்துக்கலாம். டெர்ம் லோன்ல முன்கூட்டியே கட்டின பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பெரிய வித்தியாசம் இதுதான்.

ஆனா லிமிட்டை வெச்சு வசூலிக்கிற சில கட்டணங்கள் இருக்கு. பிராசசிங் ஃபீஸ் மொத்த லிமிட் மேலதான் கணக்கிடுவாங்க, அதுக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. லிமிட்டை ரொம்பக் குறைவா பயன்படுத்தினா கமிட்மென்ட் சார்ஜ் போடுற வங்கிகளும் இருக்கு. அதனால 4 லட்சம் தேவைப்படுற இடத்துல "கிடைக்குதே"ன்னு 20 லட்சம் லிமிட் வாங்கி வைக்கிறது முழுக்க இலவசம் கிடையாது.

ஒரு நாள் வட்டியை மனசுல வெச்சுக்கோங்க

ஓ.டி. வட்டிக்கு அடிப்படை, ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது கணக்குல இருக்கிற பாக்கி. இதை நாள் முடிவு பாக்கின்னு சொல்லலாம். காலையில ரெண்டு லட்சம் எடுத்து, சாயங்காலமே அதே ரெண்டு லட்சம் திரும்ப வந்துட்டா, அந்த ரெண்டு லட்சத்துக்கு வட்டி கிடையாது. ஏன்னா நாள் முடிவுல அது பாக்கியாவே இல்ல.

கணக்கு ரொம்ப எளிது:

```
வட்டி = நாள் முடிவு பாக்கி × நாட்கள் × வட்டி விகிதம் / 36500
```

36500 என்பது 365 நாளையும் சதவீதத்துக்கான 100-ஐயும் பெருக்கினது. நம்ம உதாரணத்துக்கு 12 சதவீதம் வட்டின்னு வெச்சுக்குவோம். உங்க விகிதம் சாங்ஷன் லெட்டர்ல இருக்கும்.

12 சதவீதத்துல ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 32 ரூபாய் 88 காசு. சுமாரா 33 ரூபாய். ஒரு லட்சம், ஒரு நாள், 33 ரூபாய். இந்த ஒரு நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, கீழ வர்ற எல்லாமே சுலபமா புரியும். உங்க வட்டி 10 சதவீதம்னா 27 ரூபாய், 14 சதவீதம்னா 38 ரூபாய்.

இப்படி ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டாலும், தினமும் உங்க கணக்குல இருந்து எடுக்க மாட்டாங்க. மொத்தமா சேர்த்து மாசக் கடைசியில ஒரே டெபிட்டா போடுவாங்க. தொழில் கடன்களுக்கு மாதாமாதம் வட்டி போடும் முறையை ரிசர்வ் வங்கி 2002 ஏப்ரல்ல இருந்து கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுறதுதான் வழக்கம்.

திருப்பூர் யூனிட் ஒண்ணு, 30 நாள்

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்குவோம். திருப்பூர்ல ஜாப் ஒர்க் செய்யுற ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டின துணியை அனுப்பும், இவங்க தைச்சுக் கொடுத்து கூலி பில் போடுவாங்க. டெய்லர்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் 1,20,000 ரூபாய் வாரச் சம்பளம். பார்ட்டிகிட்ட இருந்து பணம் வர்றதோ மாசத்துக்கு ரெண்டே தடவை. இந்த இடைவெளியைத் தாண்டுறதுக்குத்தான் ஓ.டி.

லிமிட் 10 லட்சம், வட்டி 12 சதவீதம். செப்டம்பர் மாசம், 30 நாள். சனிக்கிழமைகள் 6, 13, 20, 27. சம்பளம் ஆன்லைன்லதான் போகுது. நெஃப்ட் 2019 டிசம்பர்ல இருந்து விடுமுறை நாள்லயும் வேலை செய்றதால, ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமைகள்லயும் அன்னைக்கே கணக்குல கழியும். மாசத் தொடக்கத்துல ஏற்கெனவே 4,00,000 எடுத்த நிலையில கணக்கு இருக்கு.

| நாட்கள் | என்ன நடந்தது | நாள் முடிவு பாக்கி | எத்தனை நாள் | பாக்கி × நாள் |
|---|---|---|---|---|
| 1–5 | தொடக்கப் பாக்கி | 4,00,000 | 5 | 20,00,000 |
| 6–9 | சம்பளம் 1,20,000 போச்சு | 5,20,000 | 4 | 20,80,000 |
| 10–12 | பார்ட்டி பணம் 3,00,000 வந்தது | 2,20,000 | 3 | 6,60,000 |
| 13–14 | சம்பளம் 1,20,000 போச்சு | 3,40,000 | 2 | 6,80,000 |
| 15–19 | வாடகை, நூல், ஊசி 60,000 போச்சு | 4,00,000 | 5 | 20,00,000 |
| 20–24 | சம்பளம் 1,20,000, ஜி.எஸ்.டி., கரன்ட் பில் 40,000 போச்சு | 5,60,000 | 5 | 28,00,000 |
| 25–26 | பார்ட்டி பணம் 3,50,000 வந்தது | 2,10,000 | 2 | 4,20,000 |
| 27–30 | சம்பளம் 1,20,000 போச்சு | 3,30,000 | 4 | 13,20,000 |
| மொத்தம் | | | 30 | 1,19,60,000 |

கடைசி காலத்தைப் பாருங்க. பாக்கியை நாளால பெருக்கின தொகை. கணக்கு எழுதுறவங்க இதை புராடக்ட்னு சொல்வாங்க. மொத்த புராடக்ட் 1,19,60,000. இதை 12-ஆல பெருக்கி 36500-ஆல வகுத்தா 3,932 ரூபாய். மாசக் கடைசியில வங்கி எடுக்கிற வட்டி இதுதான்.

இதே பத்து லட்சத்தை, அதே 12 சதவீதத்துல, முழுசா டெர்ம் லோனா வாங்கி கையில வெச்சிருந்தா அந்த 30 நாளுக்கு வட்டி 9,863 ரூபாய். ஓ.டி.யில பாதிக்கும் குறைவு. காரணம், இந்த யூனிட் சராசரியா பயன்படுத்தினது 4 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழதான்.

இன்னொண்ணையும் கவனிங்க. மாசத்துல மொத்தம் 6,50,000 உள்ள வந்திருக்கு, 5,80,000 வெளிய போயிருக்கு. இந்த ரெண்டு தொகையும் மாறாமலே வட்டி மட்டும் ஏறவும் இறங்கவும் முடியும். தேதி மாறினா போதும்.

பணம் வந்தது, ஆனா வேற கணக்குல தூங்குது

10-ஆம் தேதி வந்த 3,00,000-ஐ எடுத்துக்குவோம். இந்த ஓனருக்கு வேற வங்கியில ஒரு பழைய கரன்ட் அக்கவுண்ட் இருக்கு. பார்ட்டிகிட்ட எப்பவோ அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கார். பணம் அங்க வந்து விழுது. "இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்"னு விட்டுட்டு, 22-ஆம் தேதி ஞாபகம் வந்து ஓ.டி. கணக்குக்கு மாத்துறார்.

10-ல இருந்து 21 வரைக்கும் 12 நாள். அந்த 12 நாளும் ஓ.டி. பாக்கி 3 லட்சம் கூடுதலா இருக்கும். 3 லட்சம், 12 நாள், லட்சத்துக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய். சரியா கணக்குப் போட்டா 1,184 ரூபாய். மாச வட்டி 3,932-ல இருந்து 5,116 ஆயிடுது. முதல்ல பார்த்தோமே, "முந்தின மாசம் 5,100 எடுத்தாங்க"ன்னு, அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இப்படி ஒரு காரணம்தான் இருக்கும். வருஷம் முழுக்க இது தொடர்ந்தா 14,000 ரூபாய்க்கு மேல. இந்தப் பக்கம் கரன்ட் அக்கவுண்ட்ல கிடக்கிற 3 லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூட வட்டி வராது.

வட்டி மட்டும் இல்ல. 20-ஆம் தேதி பாக்கி 5,60,000-க்குப் பதிலா 8,60,000-க்குப் போயிருக்கும். பணம் சொந்தக் கணக்குலயே இருக்கு, ஆனா லிமிட் நெருங்குது.

"ஓ.டி.யில போட்டா பேங்க் எடுத்துக்குமே சார்"னு சிலர் தயங்குவாங்க. லிமிட்டும் மத்த நிபந்தனைகளும் சரியா இருக்கிற வரைக்கும், போட்ட பணத்தை மறுநாளே எடுத்துக்கலாம். அதனால வர்ற பணம் எல்லாம் முதல்ல ஓ.டி. கணக்குக்கு வரட்டும். இன்வாய்ஸ்ல ஓ.டி. கணக்கு நம்பரை மட்டும் அச்சடிங்க. யு.பி.ஐ. கியூ.ஆர். கோடும் அதே கணக்கோட இணைஞ்சிருக்கட்டும். புதுப்பிக்கும்போது வங்கி உங்க விற்பனை எந்தக் கணக்கு வழியா போகுதுன்னுதான் முதல்ல பார்க்கும். அதுக்கும் இது உதவும்.

ஒரு சதவீதத் தள்ளுபடி கொடுக்கலாமா?

நாள் வட்டி தெரிஞ்சா தினசரி பேச்சுவார்த்தையிலயும் அது உதவும். பார்ட்டி சொல்றாங்க: "பில்லுல ஒரு பர்சன்ட் குறைச்சுக்கோங்க, 15 நாள் முன்னாடியே பணம் போட்டுடுறோம்." பில் 3 லட்சம். தள்ளுபடி 3,000 ரூபாய். 15 நாள் முன்னாடி பணம் வந்தா உங்களுக்கு மிச்சமாகிற ஓ.டி. வட்டி 1,479 ரூபாய். 3,000 கொடுத்து 1,479 மிச்சம் பிடிக்கிறதுல அர்த்தம் இல்ல. லிமிட்ல இடம் இருந்தா, "பழைய தேதிக்கே கொடுங்க"ன்னு தைரியமா சொல்லலாம்.

இதையே திருப்பிப் பாருங்க. நூல் சப்ளையர், "இன்னைக்கே கொடுத்தா ரெண்டு பர்சன்ட் குறைக்கிறேன், இல்லன்னா 30 நாள் டைம்"னு சொல்றார். 12 சதவீத ஓ.டி.யில 30 நாள் வட்டி ஏறக்குறைய ஒரு சதவீதம். ரெண்டு கிடைக்குது, ஒண்ணு செலவு. ஓ.டி.யில எடுத்து அன்னைக்கே கொடுக்கிறது லாபம்.

12 சதவீத வட்டிக்கு விதி இதுதான்: ஒரு சதவீதத் தள்ளுபடி என்பது 30 நாள் வட்டிக்குச் சமம். 30 நாளைவிடக் குறைவா முன்னாடி வர்ற பணத்துக்கு ஒரு சதவீதம் கொடுத்தா நஷ்டம்.

வங்கி எடுத்த வட்டி சரியான்னு பார்க்கிறது எப்படி

ஸ்டேட்மென்ட்டை எக்செல்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க. மேல இருக்கிற அட்டவணை மாதிரி, பாக்கி மாறின ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி. `B` காலத்துல நாள் முடிவு பாக்கி, `C` காலத்துல அது எத்தனை நாள் நின்னது. எட்டு வரின்னா இப்படி:

```
=SUMPRODUCT(B2:B9,C2:C9)*12/36500
```

12 இருக்கிற இடத்துல உங்க வட்டி விகிதம். முதல்ல `=SUM(C2:C9)` போட்டு நாட்களோட கூட்டுத்தொகை மாசத்தோட நாட்களுக்குச் சமமா இருக்கான்னு பாருங்க. பெரும்பாலான தப்பு அங்கதான் நடக்கும்.

விடை வங்கியோட தொகைக்குப் பொருந்தலன்னா, மூணு இடத்தைப் பாருங்க.

முதலாவது, தேதி. பல ஸ்டேட்மென்ட்ல `Txn Date`, `Value Date`னு ரெண்டு தேதி இருக்கும். வட்டிக்கு எடுத்துக்கிறது வேல்யூ டேட்டைத்தான். ஒரே நாள்ல பல வரவு செலவு இருந்தா, அந்த நாளோட கடைசி வரி மட்டும்தான் கணக்கு. செக் கொடுத்திருந்தா, நீங்க எழுதின தேதி முக்கியம் இல்ல, அது கணக்குல கழிஞ்ச தேதிதான். அதனால உங்க டேலி கணக்கை வெச்சு வட்டி போட்டா பொருந்தாது.

ரெண்டாவது, பாக்கியோட பக்கம். ஸ்டேட்மென்ட்ல `Dr`னு இருந்தா நீங்க வங்கிக்குக் கொடுக்கணும், `Cr`னு இருந்தா உங்க பணம் அங்க இருக்கு. `Cr` இருக்கிற நாட்களுக்கு பூஜ்யம் போடுங்க. அந்த நாட்களுக்கு உங்களுக்கு வட்டி கிடைக்காது, மைனஸா போட்டுக் கழிக்கவும் முடியாது.

மூணாவது, நடுவுல மாறின வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கிகள் புதுசா கொடுக்கிற மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர்ல இருந்து ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோட இணைக்கப்பட்டிருக்கு. ரெப்போ மாறினா, உங்க வட்டி மாத்தியமைக்கிற தேதியில அதுவும் மாறும். அந்த தேதிக்கு முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்குன்னு பிரிச்சுப் போட்டுக் கூட்டணும்.

அஞ்சு பத்து ரூபாய் வித்தியாசத்தை விட்டுடலாம். நூத்துக்கணக்குல வித்தியாசம் வந்தா, இந்த அட்டவணையோட கிளைக்குப் போய் கேளுங்க. "வட்டி அதிகமா இருக்கு"ன்னு பொதுவா சொல்றதைவிட, "20-ல இருந்து 24 வரைக்கும் எந்தப் பாக்கிக்கு வட்டி போட்டீங்க?"ன்னு கேட்டா பதில் சீக்கிரம் வரும்.

இந்தக் கணக்கு உடையுற இடம்: ஓ.டி.யில மெஷின் வாங்குறது

இப்போ இந்தக் கட்டுரையோட முக்கியமான பகுதிக்கு வர்றேன். அதே திருப்பூர் யூனிட். மாசத்துல அதிகபட்சப் பாக்கியே 5,60,000. அப்போ 4,40,000 சும்மா கிடக்குதேன்னு தோணும். நல்ல விலைக்கு செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் மெஷின்கள் வருது, 5 லட்சம். "எடுத்த தொகைக்கு மட்டும்தானே வட்டி, லோனுக்கு அலையுறதைவிட ஓ.டி.யில எடுத்துடலாம்"னு ஓனர் முடிவு பண்றார். கணக்கு 2,10,000-ல இருந்த 26-ஆம் தேதி பணம் கொடுத்துட்டார்.

மாசக் கடைசியில பாக்கி 8,30,000. அது மேல வட்டி ஏறுது. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை சம்பளம் போனதும் 9,50,000-ஐத் தாண்டிடுது. பார்ட்டி பணம் 10-ஆம் தேதி வந்தா தப்பிச்சார். ரெண்டே வாரம் தள்ளிப்போச்சுன்னா? ரெண்டாவது சனிக்கிழமை 1,20,000 வேணும், லிமிட்ல இருக்கிறதோ 50,000-க்கும் கீழ. சம்பளம் போகாது. முந்தின மாசம் வரைக்கும் பார்ட்டி ரெண்டு வாரம் லேட்டா கொடுத்தாலும் தாங்கின யூனிட் இது. வேலை குறையல, வருமானம் குறையல. ஓ.டி.யோட வேலையான "இடைவெளியைத் தாண்டுறது" மட்டும் போயிடுச்சு.

மெஷின் 5 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், ஆனா மூணு நாலு வருஷத்துல. துணி தைச்ச கூலி முப்பது, நாப்பது நாள்ல திரும்பி வந்துடும். திரும்பி வர்ற வேகம் வேற வேற. ஓ.டி. வேகமா திரும்புற பணத்துக்கு உண்டானது.

வட்டியிலயும் வித்தியாசம் பெருசு. 5 லட்சத்தை 12 சதவீதத்துல 36 மாச டெர்ம் லோனா வாங்கினா இ.எம்.ஐ. 16,607 ரூபாய். மூணு வருஷத்துல மொத்த வட்டி சுமார் 97,850. அதே 5 லட்சம் ஓ.டி.யில குறையாம மூணு வருஷம் நின்னா, வட்டி மட்டும் வருஷத்துக்கு 60,000, மூணு வருஷத்துக்கு 1,80,000. அதுக்கப்புறமும் அந்த 5 லட்சம் அப்படியேதான் இருக்கும். இ.எம்.ஐ. உங்களைக் கட்டாயப்படுத்தி அசலைக் குறைக்குது, ஓ.டி. குறைக்கச் சொல்லாது. மாசக் கடைசியில வட்டியை பாக்கியோட சேர்த்துட்டு அமைதியா இருக்கும். அந்த வட்டிக்கும் அடுத்த மாசம் வட்டி உண்டு.

உங்க ஓ.டி.யில இப்படிப் பணம் சிக்கியிருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. கடந்த 12 மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒவ்வொரு மாசத்துலயும் பாக்கி எவ்வளவு கீழ இறங்குச்சுன்னு, அந்த மாசத்தோட மிகக் குறைந்த பாக்கியை எழுதுங்க. நம்ம உதாரணத்துல செப்டம்பருக்கு அது 2,10,000. பன்னிரண்டு மாசத்துலயும் ஆறு லட்சத்துக்குக் கீழ இறங்கவே இல்லன்னா, அந்த ஆறு லட்சம் இடைவெளிப் பணம் இல்ல. எங்கயோ மெஷினாவோ, கட்டடமாவோ, வராத பாக்கியாவோ, வீட்டுச் செலவாவோ உறைஞ்சு போயிருக்கு. அந்தப் பகுதியை டெர்ம் லோனா மாத்திக் கொடுக்கச் சொல்லி வங்கிகிட்ட கேட்கலாம். லிமிட்ல மறுபடி இடம் கிடைக்கும், அசலும் குறைய ஆரம்பிக்கும்.

வீட்டுச் செலவுன்னு சொன்னதால ஒரு வார்த்தை. தொழிலுக்காக எடுத்த ஓ.டி. வட்டியை வருமான வரியில செலவா காட்டலாம். அந்தக் கணக்குல இருந்தே பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தா, அந்தத் தொகைக்கான வட்டியைக் காட்ட முடியாது.

லிமிட்டை முட்டி நிக்கிற கணக்குக்கு என்ன ஆகும்

பத்து லட்சம் லிமிட்ல 9,95,000 பாக்கியோட மாசம் முழுக்க நின்னா, கடைசி நாள் வட்டியே சுமார் 9,800 ரூபாய். அது டெபிட் ஆனதும் பாக்கி 10,04,800. நீங்க ஒரு ரூபாய்கூட எடுக்கல, ஆனா லிமிட்டைத் தாண்டிட்டீங்க. மறுநாள் வர்ற செக் திரும்பும். சாங்ஷன் லெட்டர்ல சொன்ன அபராதமும் விழும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்ல போட்ட சுற்றறிக்கைப்படி, அபராதத்தை வட்டி விகிதத்தோட கூட்டக்கூடாது, தனிக் கட்டணமாத்தான் போடணும். அந்தக் கட்டணத்துக்கு மேல வட்டியும் கணக்கிடக்கூடாது. ஸ்டேட்மென்ட்ல அது தனி வரியா இருக்கான்னு பாருங்க.

இதைவிடப் பெரிய விஷயம் 90 நாள் விதி. பாக்கி தொடர்ந்து 90 நாள் லிமிட்டுக்கு மேல நின்னாலும், லிமிட்டுக்குள்ள இருந்தும் 90 நாள் கணக்குல வரவே இல்லன்னாலும், வந்த பணம் அந்தக் காலத்துல போட்ட வட்டிக்கே போதலன்னாலும், கணக்கு வாராக்கடன் ஆயிடும். "இ.எம்.ஐ. இல்லையே, எப்போ வேணாலும் கட்டலாம்"னு நினைக்கிறவங்க மாட்டிக்கிறது இங்கதான். வர்ற பணத்தை வேற கணக்குல வாங்கிட்டு ஓ.டி.யை மறந்துடுறவங்களுக்கும் இதே கதிதான்.

லிமிட்னு நான் சொன்னதுல ரெண்டு வகை கணக்குக்கு ஒரு திருத்தம் வேணும். ஸ்டாக்கையும் வர வேண்டிய பாக்கியையும் ஈடா வெச்ச கேஷ் கிரெடிட்னா, சாங்ஷன் லிமிட் மட்டும் பார்த்தா போதாது. நீங்க கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வெச்சு வங்கி டிராயிங் பவர்னு ஒரு தொகை போடும். ரெண்டுல எது குறைவோ அதுதான் உங்க உண்மையான எல்லை. ஸ்டேட்மென்ட் கொடுக்கத் தவறினா, பத்து லட்சம் சாங்ஷன் இருந்தும் எடுக்க முடியாம போகலாம். டிராப்லைன் ஓ.டி.ன்னா, லிமிட்டே மாசாமாசம் ஒரு தொகை குறைஞ்சுகிட்டே வரும். முதல் வருஷம் பத்து லட்சம் இருந்த எல்லை மூணாவது வருஷமும் அப்படியே இருக்கும்னு நினைச்சு சம்பளக் கணக்குப் போட்டுடாதீங்க. உங்களோடது எந்த வகைன்னு சாங்ஷன் லெட்டர்ல இருக்கும்.

உங்க ஸ்டேட்மென்ட்ல பார்க்க வேண்டிய மூணு நம்பர்

போன மாச ஸ்டேட்மென்ட்டை எடுங்க. முதல் நம்பர், அந்த மாசத்தோட மிகக் குறைந்த பாக்கி. உங்க ஓ.டி. மூச்சு விடுதா, உறைஞ்சு கிடக்குதான்னு அது சொல்லும். ரெண்டாவது, மிக அதிகமான பாக்கி. அதுக்கும் லிமிட்டுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு வாரச் சம்பளமும் மாசக் கடைசி வட்டியும் தாங்குற இடம் இருக்கணும். மூணாவது, அன்னைக்கு உங்க மத்த கணக்குகள்ல கிடந்த பணம். அதை லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்னு பெருக்கிப் பாருங்க.

அந்த மூணாவது நம்பர் பெருசா இருந்தா, வங்கிகிட்ட பேச வேண்டியதே இல்ல. உங்க பார்ட்டிக்கு புது கணக்கு நம்பரை அனுப்பினாலே அடுத்த மாச வட்டி குறைஞ்சிடும்.